லியோன் நகரத்துக்குப் போன நாலு தவணை

வெங்கடம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் தெலுங்கில் திட்டுவாள். அதில் சரக்குத் தீர்ந்துபோனால் தமிழுக்கு வருவாள். கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் இருந்த அவளுடைய சோடாக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், அவள் எந்த மொழியில் இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். தமிழ் என்றால் அப்படியே திரும்பிப் போய் ஒரு வெற்றிலை போட்டுவிட்டு வருவது நல்லது.

கம்பெனி பேரளவில் அவள் கணவர் பங்காருசாமி நாயுடுவுடையது. பலகையில் அவர் பேர்தான் இருந்தது. அவருக்கு அது போதும். மீதி நேரத்தை நாடகத்துக்கு ஒதுக்கியிருந்தார். ஊருக்குள் எந்த நாடகக் கம்பெனி கொட்டகை போட்டாலும் முதல் வரிசையில் நாயுடு இருப்பார். கொட்டகைக்கு சோடா அவர் சப்ளை. பணம், கடைசி நாள் ஆட்டம் முடிந்ததும். 1936-ஆம் வருஷம் வைகாசியில் ஒரு கம்பெனி கடைசி நாள் ஆட்டத்தை ஆடாமலே ஊரை விட்டுப் போனது. பேசும் படம் வந்தபிறகு நாடகத்துக்குக் கூட்டம் இல்லை. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள். மூன்று மாதம் குடித்த சோடாவுக்கு ஈடாக ஒரு பீமன் கதாயுதத்தை மட்டும் விட்டுப் போயிருந்தார்கள். உள்ளே பஞ்சு.

"நல்ல வேலப்பாடுங்க அம்மணி, வெச்சுக்கலாம்" என்றார் நாயுடு.

வெங்கடம்மாள் நேராகத் தமிழுக்கு வந்துவிட்டாள்.

அவள் பதறியதற்குக் காரணம் இருந்தது. பைக்காரா மின்சாரம் ஊருக்குள் வந்த பிறகு, கையால் சுற்றும் பழைய மெஷினை வைத்துக்கொண்டு இருக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. மோட்டாரில் ஓடுகிற பிரெஞ்சு மெஷின் ஒன்றைப் பற்றி மதராஸ் ஏஜெண்டு ஒருவர் படம் காட்டினார். லியோன் என்ற ஊரில் குர்த்துவா என்பவரின் கம்பெனி செய்வது. விலை பன்னிரண்டாயிரம் பிராங்கு. காசுமாலையை அடகு வைத்து மூன்றில் ஒரு பங்கை ஆர்டரோடு அனுப்பினாள். மீதி எட்டாயிரம் பிராங்குக்கு, இத்தனை நாளில் கட்டு என்று குர்த்துவா எழுதும் உண்டியல் என்ற கடன் சீட்டு பேங்கு மூலமாக வரும். அதில் 'ஒப்புக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டால்தான் சரக்கை எடுக்கும் காகிதங்கள் கைக்கு வரும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாலு மாதத்தில் பணம் கட்டவேண்டும். பங்குனியில் மெஷின் வந்து இறங்கினால் கோடை வியாபாரத்திலேயே கடன் அடைந்துவிடும் என்பது அவள் கணக்கு.

மெஷின் ஆனி மாதம் வந்தது. பிரான்சில் வேலைநிறுத்தமாம்; அப்புறம் கப்பல் தாமதமாம். சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போதே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர் காற்று ஊருக்குள் வீச ஆரம்பித்திருந்தது. சோடா வேண்டும் என்று நினைப்பதற்குக்கூட ஒருத்தருக்கும் தொண்டை வறளவில்லை. அந்தக் காற்றில் நின்றுகொண்டு நாயுடு உண்டியலில் கையெழுத்துப் போட்டார். அக்டோபர் நடுவில் பணம் கட்டவேண்டும். அக்டோபர் என்றால் ஐப்பசி. ஐப்பசி அடைமழையில் சோடா குடிக்கிறவன் அஜீரணக்காரன் ஒருத்தன்தான்.

மெஷின் என்னவோ மகாராஜா மாதிரி இருந்தது. பித்தளைக் குடம், கண்ணாடி மானி, சுவிட்சைத் தட்டினால் பூனை உறுமுவதுபோல ஒரு சத்தம். சிறுவாணித் தண்ணீரில் அது போட்ட சோடாவைக் குடித்துப் பார்த்த நாயுடு கண்ணில் நீர் வர ஏப்பம் விட்டார்.

"ஏனுங்க, இந்த ஏப்பத்துக்கு ஆயிரத்து நானூறு ரூபா கட்டோணும்ங்க. எங்கெ இருக்குது?" என்றாள் அவள்.

ஆவணி தொடங்கும் முன்பே பேங்குக்குப் போனாள். அங்கே உண்டியல் பிரிவில் காளிச்சாமி என்று ஒரு கவுண்டர் வீட்டுப் பையன் வேலை பார்த்தான், பி.ஏ. படித்தவன். பெண்பிள்ளை ஒருத்தி பேங்குக்குள் வந்து நிற்பது அங்கே வழக்கமில்லை. பின்னால் தலைப்பாகையோடு நாயுடு நின்றதால் ஒருவிதமாக விட்டுவிட்டார்கள்.

"கெடு நாள்ல கட்டாமப் போனா என்னாகுமுங்க தம்பி?"

"நோட்டரி வந்து, பணம் கேட்டோம், கொடுக்கலைன்னு எழுதி முத்திரை குத்திப்போடுவாருங்கக்கா. அதுக்குப் பேரு புரொட்டெஸ்டு. அது லியோனுக்கும் போகும், மதராஸுக்கும் போகும். அப்புறம் ஊருக்குள்ள எந்தப் பேங்கும் உங்க கையெழுத்தத் தொடாதுங்க."

"கெடுவுக்கு முன்னாலயே சொல்லிப்போட்டா?"

"சொல்லோணும்ங்க. ஆனா எங்ககிட்டச் சொல்லிப் பிரயோசனமில்ல. நாங்க வசூல் பண்றவங்கதான். கெடுவத் தள்ளோணும்னா உண்டியல எழுதினவரே எங்களுக்கு உத்தரவு அனுப்போணும். இப்பவே எழுதுங்க. கெடு கிட்ட வந்தபொறவு எழுதினா ஏமாத்துறவன் எழுத்தாட்டந் தெரியும்."

மதராஸ் ஏஜெண்டுக்கு எழுதிப் பார்த்தார்கள். அவர் கம்பெனியையே மூடிவிட்டு எங்கோ போயிருந்தார். நேராக லியோனுக்குத்தான் எழுதவேண்டும், அதுவும் பிரெஞ்சில்.

கோயம்புத்தூரில் பிரெஞ்சு பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. மாதா கோயில் சாமியார்களில் பாதிப் பேர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். அதில் ரெமோன் சாமியார் வயிற்று உப்புசக்காரர். வாரத்துக்கு ஒரு பெட்டி சோடா வாங்குவார். புத்தகத்தில் படித்த சுத்தத் தமிழில்தான் பேசுவார்.

"அம்மா, தாங்கள் கவலற்க. அடியேன் வரைந்து தருகிறேன்" என்றார்.

வெங்கடம்மாள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அவள் அழுதுகொண்டே சொன்னாள். நாடகக்காரன் ஓடிப்போனது, காசுமாலை, காற்று, மழை, வியாபாரத்தில் அக்கறையில்லாத புருஷன் (புருஷன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்), எல்லாம் வந்தது. மாசி மாதம் கோனியம்மன் தேர் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுவேன், கோனியம்மன் மேல் ஆணை என்று முடித்தாள். சாமியார் தன் பங்குக்கு வேதத்திலிருந்து இரண்டு வசனம் சேர்த்தார். கடனாளிகளை மன்னிப்பது பற்றியது ஒன்று. விதவையின் காணிக்கை பற்றியது மற்றொன்று. நாயுடு உயிரோடு இருப்பதை அவர் அந்த உருக்கத்தில் மறந்துவிட்டார்.

கடிதம் கப்பலில் போனது. பதில் செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தது. அரைப் பக்கம். ரெமோன் சாமியார் அதைப் படித்ததும் முகம் சிவந்து, ஒரு சோடாவை உடைக்கச் சொன்னார்.

"என்னங்க சாமி எழுதியிருக்குது?"

"மொழிபெயர்க்கத் தயக்கமாய் உள்ளது."

"சொல்லுங்க சாமி, நா பாக்காத வசவா?"

சாமியார் படித்தார். 'அம்மணி, தங்கள் கடிதம் கிடைத்தது. இந்த உண்டியலில் இரண்டு பேர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்; கடவுள் போடவில்லை. நான் நாற்பது வருஷமாக மாதா கோயிலுக்குள் கால் வைக்காதவன். எனவே வசனங்களைத் திருப்பி அனுப்புகிறேன். கணவரை இழந்ததற்கு என் அனுதாபம். ஆனால் உண்டியலில் உள்ளது அவருடைய ஜூன் மாதக் கையெழுத்து. அப்போது அவர் உயிரோடு இருந்தார் என்று கொள்கிறேன். மதாம் கோனியம்மா என்று ஒருவரைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் தங்களுக்கு ஜாமீனா? ஆமெனில் அவருடைய சொத்து விவரத்தையும் பேங்கு விலாசத்தையும் அனுப்பவும். என்றைக்கு எவ்வளவு கட்டுவீர்கள் என்று தங்கள் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. அது இல்லாமல் நான் எதற்குச் சம்மதிப்பது? குர்த்துவா.'

"குர்த்துவா என்னும் சொல்லுக்கு எங்கள் மொழியில் மரியாதையுடையவன் என்று பொருள்" என்றார் சாமியார், கசப்பாக.

நாயுடு விழுந்து விழுந்து சிரித்தார். செத்துப்போனவர் சிரிக்கிறதைப் பார்க்க வெங்கடம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெலுங்கைத் தொடாமலே லியோனைத் திட்டினாள். திட்டி முடித்தபோது ஒரு விஷயம் அவளுக்குத் தட்டுப்பட்டது.

"அவன் மாட்டேன்னு சொல்லலியே சாமி? தேதி இல்லைன்னுதான சொல்றான்."

அன்று சாயங்காலமே காளிச்சாமியை வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். நாலு பேரும் மெஷின் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். அன்றைய கூட்டத்தில் ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் ஒப்புக்கொள்ளவில்லை.

நாயுடு மாசத்துக்குக் கொஞ்சமாக இருபது தவணை என்றார். "இருவது தடவ அவன் நம்மள நெனக்கோணுமா? பாவம், அவனுக்கும் வேற வேல இருக்குமுங்க" என்று அவள் அடித்துவிட்டாள். எல்லாவற்றையும் மாசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதைக் காளிச்சாமி அடித்தான். கெடு நாளன்றே ஒரு பங்கு கையில் விழுந்தால்தான் மீதிக்கு நம்பிக்கை வரும் என்றான். மழைக்காலத்தில் அதற்கு எங்கே போவது? பழைய கைமெஷினை விற்றால் வரும். அதை விற்க அவளுக்கு மனசில்லை. மின்சாரம் நின்றால் அதுதான் கைகொடுக்கும். எழுந்து போய் அதன் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, பொள்ளாச்சிக்காரன் ஒருத்தன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், கொடுத்துவிடலாம் என்றாள்.

சாமியார் மறுபடியும் ஒரு வசனத்தோடு ஆரம்பிக்கப் பார்த்தார்.

"வேண்டாங்க சாமி. அந்தாளுக்கு அது ஆகாது. வெறும் கணக்க எழுதுங்க."

"ஒரு சிறு வாழ்த்தாயினும்?"

"அத அடியில எழுதுங்க."

இந்தத் தடவை கடிதம் குட்டையாக வந்தது. உண்டியலின் நம்பரும் தொகையும் கெடு தேதியும் முதல் வரியில். கடன் முழுவதும் எங்களுடையது, அதில் தகராறில்லை என்பது அடுத்த வரி. மெஷின் நன்றாக ஓடுகிறது, ஆனால் கோடை போனபிறகு வந்ததால் சம்பாதிக்கவில்லை, எங்கள் ஊரில் சோடா வியாபாரம் பிப்ரவரி முதல் ஜூன் வரை, கஷ்டம் பிப்ரவரி வரைக்கும்தான். எட்டாயிரத்தை நாலாகப் பிரித்து இரண்டாயிரம் கெடு நாளிலேயே, மற்றவை பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் பதினைந்தாம் தேதி. பாக்கிக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு வட்டி. ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி உண்டியல் அனுப்பினால் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். அப்போது பழையதை ரத்து செய்யும்படி பேங்குக்கு உத்தரவு கொடுக்கவும். கணவர் உயிரோடு இருக்கிறார். கோனியம்மன் ஜாமீன் அல்ல, தெய்வம். கடைசியாக, காளிச்சாமி சொன்னதன்பேரில் ஒரு வரி: தங்களுக்குச் சம்மதமானால் தவணைகளை இங்கிலீஷ் பவுனில் வைத்துக்கொள்ளலாம், எங்கள் பேங்குக்கு அது சுலபம்.

ஆகாயத் தபாலில் போட்டார்கள். அந்த ஸ்டாம்புக் காசுக்கு நாலு பெட்டி சோடா விற்கவேண்டும்.

பதில் செப்டம்பர் கடைசியில் அதேபோல ஆகாயத் தபாலில் வந்தது. 'அம்மணி, இது கடிதம். சம்மதிக்கிறேன். பழைய உண்டியலை எங்கள் பேங்கில் முன்கூட்டியே பணமாக்கி வைத்திருந்தேன். அதைத் திரும்ப எடுக்க ஆன செலவு தங்களைச் சேரும். புது உண்டியல்கள் நாலும் பேங்குக்கு வருகின்றன. பவுனைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் வீடு மூன்று தலைமுறையாகப் பிராங்கில் கணக்குப் பார்க்கிறது. இங்கிலீஷ்காரன் காசில் நான் கணக்குப் பார்ப்பதாக இல்லை. பிராங்கு அசையாது, எங்கள் மந்திரிகள் சத்தியம் செய்திருக்கிறார்கள். தங்கள் கணவர் உயிர்த்தெழுந்ததற்கு வாழ்த்துகள்.'

வெங்கடம்மாள் அன்று எல்லோருக்கும் இலவச சோடா கொடுத்தாள். வரலாற்றில் அது ஒருமுறைதான் நடந்தது.

அந்த வாரமே பேப்பரில் செய்தி வந்தது. மந்திரிகளின் சத்தியம் காற்றில் போய், பிரெஞ்சு சர்க்கார் தன் பிராங்கின் மதிப்பைக் குறைத்துவிட்டது. அவள் பேப்பர் படிக்கிறவளில்லை. கெடு நாளன்று, கைமெஷின் விற்ற முந்நூற்றுச் சொச்ச ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு பேங்குக்குப் போனாள். நாலு உண்டியலிலும் நாயுடு கையெழுத்துப் போட்டார். காளிச்சாமி இரண்டாயிரம் பிராங்குக்கு ரூபாய்க் கணக்குப் போட்டு எழுதிக் காட்டினான்.

"தம்பி, தப்பாப் போட்டுப்போட்டீங்க. கொறையுதுங்க."

"தப்பில்லீங்கக்கா. இப்ப அத்தனைதான். ரூபாய்க்கு நாலணாவுக்கு மேல உங்களுக்கு மிச்சம். இந்தத் தவணைக்கு மட்டுமில்ல, எல்லாத்துக்கும்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த மனுசன் மட்டும் பவுனுக்கு ஒப்புக்கிட்டிருந்தா உங்களுக்குச் சல்லிக் காசு கொறைஞ்சிருக்காதுங்க. நாஞ்சொன்ன யோசனைய அவர் கேக்காமப் போனாரே, கோனியம்மனுக்குத் தேங்கா ஒடைங்க."

வெளியே வந்து மிச்ச ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு நடக்கிற மாதிரியும் இருந்தது.

மழை போய், பனி போய், தைப்பூசத்துக்கு மருதமலைக்கு ஜனம் போகத் தொடங்கியது. அடிவாரத்தில் வெங்கடம்மாள் கொட்டகை போட்டாள். மெஷின் ராத்திரி பகலாக ஓடியது. பிப்ரவரித் தவணை கெடு நாளிலேயே போய்ச் சேர்ந்தது. மாசியில் கோனியம்மன் தேர் அன்று, வடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் அவள் சோடாவைக் குடித்துவிட்டுத்தான் பிடித்தார்கள். தேர் நகரும்போது கோவிந்தாவும் அரோகராவும் ஏப்பமும் ஒன்றாகக் கேட்டன என்று நாயுடு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மார்ச் முதல் வாரத்தில் லியோனிலிருந்து கடிதம். ரெமோன் சாமியார் படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

'அம்மணி, தங்கள் தவணைகள் கடிகாரம்போல வருகின்றன. சட்டப்படி எனக்கு மேற்கொண்டு ஒன்றும் வரவேண்டியதில்லை. ஆனால் இங்கே கூலி ஏறிவிட்டது. பித்தளை விலை ஏறிவிட்டது. முதலாளிகள் எல்லாருக்கும் கை முட்டாக இருக்கிறது. நான் விற்ற நாளின் பிராங்கு வேறு, இப்போது கையில் வாங்குகிற பிராங்கு வேறு. கடைசி இரண்டு தவணையில் ஏதேனும் சேர்த்து அனுப்ப மனம் உண்டா? இது உரிமையல்ல, வேண்டுகோள். கடவுளின் பேரால் என்றுகூட எழுதியிருப்பேன், எனக்குப் பழக்கமில்லை.'

"பாத்தீங்களா, நம்மள மாதிரியே அழுவறான்" என்றார் நாயுடு, பரிதாபத்தோடு. "பாதியாச்சும் போட்டு அனுப்பிப்போடுங்க அம்மணி."

"ஒரு தம்பிடி கூடாதுங்க. பேச்சுன்னா பேச்சு" என்றான் காளிச்சாமி. "பிராங்கு ஏறியிருந்தா அவர் நமக்குக் கொறைச்சிருப்பாருங்களா?"

சாமியார் ஒரு வசனம் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

வெங்கடம்மாள் அன்று ஊஞ்சல்போல உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தாள். விலையைக் குறைக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. பிராங்கு என்று சொன்னவன் அவன். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. சேர்த்துக் கொடுத்தால் நாளைக்கு மதராஸ் சீசாக்காரனும் அழுவான், எலுமிச்சங்காய்க்காரனும் அழுவான். ஆனால் கெடு முன்னால் காசில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன ஆவணியில் அவளுக்கு வேண்டியிருந்தது காசு அல்ல, நாள்தான். இந்தாளுக்கு என்ன வேண்டும்? கை முட்டு என்றால் என்ன? காசு வரும், ஆனால் இன்னும் வரவில்லை என்பதுதானே.

"எழுதுங்க சாமி" என்றாள். "சேத்துத் தர்றதுக்கில்ல. பேசினது பேசினதுதான். ஆனா ஏப்ரல் தவணைய மார்ச்சுலயே சேத்துக் கட்டிப்போடறேன். ஒரு மாசம் முன்னால. அந்த ஒரு மாச வட்டியக் கழிச்சுக்குவேன்னும் எழுதுங்க."

"வட்டியையுமா அம்மா?" என்றார் சாமியார்.

"ஆமாங்க. முன்னாலயே கட்டினா வட்டி ஏது?"

"கை முட்டா இருக்கறவனுக்கு வட்டியயாச்சும் வுடக்கூடாதா?" என்று நாயுடு கேட்டார்.

அவள் விரல்விட்டு அந்த வட்டியை எண்ணினாள். "செரி, வட்டிய வுட்டுப்போடுங்க. முழுசாவே கட்டறேன்."

தன் வாழ்நாளில் புருஷன் சொன்னதை அவள் கேட்டதாகத் தெரியவருவது இந்த ஒரு இடம்தான். நாயுடுவே அதை நம்பாமல் இன்னொருதரம் சொல்லச் சொன்னார். சொல்லவில்லை.

மார்ச் பதினைந்தாம் தேதி இரண்டு தவணையும் ஒன்றாகப் போயின. காளிச்சாமி நாலு உண்டியலையும் 'பணம் பெறப்பட்டது' என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தான். காசுமாலை அடகிலிருந்து மீண்டு வந்தது. லியோனிலிருந்து தந்தி வந்தது. ஒரே ஒரு சொல். நன்றி என்று அர்த்தம் என்றார் சாமியார். தந்திக்கு அந்தாள் ஒரு சொல்லுக்கு மேல் செலவழிக்கவில்லை என்பதில் வெங்கடம்மாளுக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

சித்திரையில் அவளுக்கு ஒரு கணக்குத் தோன்றியது. பிராங்கு மலிந்து கிடக்கிறது. அப்படியென்றால் மெஷினும் மலிவு. விலை கேட்டு எழுதினாள். முழுத் தொகையையும் முதலிலேயே அனுப்பிவிடலாம் என்று காளிச்சாமி சொன்னதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தொடக்கத்திலேயே தவணை வேண்டும், ஆர்டரோடு ஒரு பங்கு, சரக்கு வந்து இறங்கியதும் ஒன்று, மீதி இரண்டு கோடையில். மாசிக்கு முன்னால் மெஷின் வந்து சேராவிட்டால் தேதிகள் தானாகத் தள்ளிப்போகும் என்றும் ஒரு வரி சேர்த்தாள். குர்த்துவா எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். ஒன்றே ஒன்று கேட்டார்: இந்தத் தடவை பவுனில் வைத்துக்கொள்ளலாமா?

"வெச்சுக்கச் சொல்லுங்க" என்றாள். "அவரும் பொழைக்கட்டும்."

இரண்டாவது மெஷின் தை மாதமே வந்து சேர்ந்தது. அதை மதுக்கரைக்குக் கொண்டுபோனாள். அங்கே சிமெண்டு ஆலை வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளையாக, தொண்டை மண்சுவராக வருவார்கள். அவர்களுக்குக் காற்று, மழை, ஐப்பசி என்று பேதமில்லை. பன்னிரண்டு மாதமும் தாகம்தான். ஆலை வாசலுக்கு எதிரே கொட்டகை போட்டு, நாயுடுவை அங்கே உட்கார்த்தி வைத்தாள். பக்கத்தில் பத்து மைல் சுற்றளவுக்கு நாடகக் கொட்டகை ஒன்றும் கிடையாது என்பதை முதலிலேயே விசாரித்துவிட்டுத்தான்.